வந்த சரக்கை ஆய்வு செய்வது: ஏற்பு, நிராகரிப்பு, ஹோல்டு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படிவத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை நிரப்பப் போகிறோம். எடுத்துக்காட்டுக்கு, கோயம்புத்தூரில் நீர்மூழ்கி பம்ப் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சப்ளையரிடமிருந்து 600 கன்மெட்டல் புஷ் வருகிறது. ஆறு பெட்டி, பெட்டிக்கு 100. உலோகம் எல்டிபி-2 என்று பர்சேஸ் ஆர்டரில் இருக்கிறது. அதாவது செம்போடு வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் ஒவ்வொன்றும் 4 முதல் 6 சதவீதம். டிராயிங்படி உள்விட்டம் 25.020 முதல் 25.041 மி.மீ. வரை, வெளிவிட்டம் 32.026 முதல் 32.042 மி.மீ. வரை இருக்கலாம். புஷ்ஷை பம்பின் பவுலுக்குள் பிரஸ் வைத்து இறுக்கமாகச் செருகுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹோல்டு பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

பல தொழிற்சாலைகளின் ஆய்வுப் படிவத்தில் அளவுகளை எழுத இருபது கட்டம் இருக்கும், கீழே ‘ஓகே / நாட் ஓகே’ என்று ஒரு வரி இருக்கும். எத்தனை பழுது வந்தால் திருப்புவது என்ற விதி மட்டும் எங்கும் இருக்காது. விளைவு என்ன? இரண்டு பழுது கண்ட ஆய்வாளர் அன்றைக்கு ஸ்டோர்ஸில் சரக்கு இருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து முடிவெடுக்கிறார். அவர் நேர்மையானவராக இருந்தாலும் படிவம் அவரை அங்கேதான் கொண்டு நிறுத்தும். ஆகவே படிவத்தின் வரிசையே முக்கியம் என்பது என் வாதம். முடிவெடுக்கும் விதி முதலில், சாம்பிள் எடுத்த விதம் அடுத்து, கண்ட அளவு அதற்குப் பின், முடிவு கடைசியில். இந்த வரிசையில் நிரப்பினால், முடிவு யாருடைய மனநிலையையும் கேட்காமல் தாளிலிருந்தே வரும்.

பெட்டியைத் திறக்கும் முன்

1. டிசி, இன்வாய்ஸ், பர்சேஸ் ஆர்டர் மூன்றையும் பக்கத்தில் வைத்து, பொருளின் பெயர், எண்ணிக்கை, டிராயிங் எண், டிராயிங்கின் திருத்த எண் நான்கையும் படிவத்தில் எழுதுங்கள். திருத்த எண்ணைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சப்ளையர் பழைய டிராயிங்கில் கடைந்து அனுப்பியிருந்தால், நீங்களும் பழைய டிராயிங்கை வைத்தே அளந்தால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

2. பெட்டியிலும் புஷ்ஷிலும் குத்தியிருக்கும் ஹீட் எண்ணைப் பாருங்கள். ஒரே உருக்கில் வார்த்து, ஒரே தடவையில் கடைந்தவற்றைத்தான் ஒரு லாட் என்று எண்ண வேண்டும். ஒரே லாரியில் வந்ததாலோ ஒரே இன்வாய்ஸில் இருப்பதாலோ அது ஒரு லாட் ஆகிவிடாது. நம் எடுத்துக்காட்டில் முதல் நான்கு பெட்டியில் ஹீட் 417 என்றும், கடைசி இரண்டில் ஹீட் 421 என்றும் இருக்கிறது. ஆகவே இது 600 கொண்ட ஒரு லாட் அல்ல. 400 கொண்ட ஒன்று, 200 கொண்ட ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிப் படிவம்.

3. ஹீட் எண்ணுக்கு உரிய டெஸ்ட் சர்ட்டிபிகேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 417க்கு இருக்கிறது. 421க்கு இல்லை.

4. எந்த அளவுக்கு எந்த எல்லை, எத்தனை சாம்பிள், எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். பெட்டியில் கை வைப்பது இதற்குப் பிறகுதான்.

எத்தனை எடுப்பது

நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றிய பழக்கம் ‘பத்து சதவீதம் பார்’ என்பது. எளிது, யாருக்கும் புரியும், கணக்கு வேண்டாம் என்பார்கள். எளிமைதான், ஆனால் அது ஒரே அளவு பாதுகாப்பைத் தருவதில்லை. 50 புஷ் உள்ள லாட்டில் 5 பழுது இருக்கிறது என்று வையுங்கள். பத்து சதவீதம் என்றால் 5 எடுப்பீர்கள். அந்த ஐந்திலும் பழுது ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு சுமார் 58 சதவீதம். 1000 புஷ் உள்ள லாட்டில் அதே விகிதத்தில் 100 பழுது இருந்தால், நூறு எடுத்துப் பார்க்கும்போது ஒன்றுகூட அகப்படாமல் போவது நடைமுறையில் நடக்காது. பழுதின் விகிதம் ஒன்றே. ஒரு லாட் பாதிக்கு மேற்பட்ட தடவை தப்புகிறது, மற்றது தப்பவே வழியில்லை. சிறிய லாட்டாகப் பிரித்து அனுப்பும் சப்ளையருக்கு இந்த விதி தானாகவே சலுகை கொடுக்கிறது. உங்கள் பாதுகாப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாம்பிளின் எண்ணிக்கைதான். அது லாட்டில் எத்தனை சதவீதம் என்பது அல்ல.

அதற்காகத்தான் ஐஎஸ் 2500 முதல் பகுதியில் அட்டவணைகள் இருக்கின்றன. பன்னாட்டுத் தரமுறையில் அதுவே ஐஎஸ்ஓ 2859-1. அட்டவணையைப் படிக்க மூன்று விஷயம் போதும்: லாட்டின் அளவு, ஆய்வு நிலை, ஏக்யூஎல் எனப்படும் ஏற்கத்தக்க தர எல்லை. வேறு காரணம் இல்லாவிட்டால் ஆய்வு நிலை இரண்டு. பம்ப் ஓடுவதைப் பாதிக்கும் உள்விட்டத்துக்கு நாம் ஏக்யூஎல் 1.0 என்று வைப்போம். கீறல், எழுத்து சரியாகப் பதியாதது போன்ற சிறு குறைகளுக்கு இதைவிடத் தளர்ந்த எல்லையைத் தனி வரியில் எழுதலாம். 400 புஷ்ஷுக்கு முதல் அட்டவணை ‘எச்’ என்ற குறியெழுத்தைத் தரும். இரண்டாம் அட்டவணையில் எச் வரியில் சாம்பிள் 50, ஏக்யூஎல் 1.0க்கு ஒரு பழுது வரை ஏற்பு, இரண்டு வந்தால் நிராகரிப்பு.

200 புஷ்ஷில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதற்குக் குறியெழுத்து ‘ஜி’, அந்த வரியில் சாம்பிள் 32. ஆனால் ஏக்யூஎல் 1.0 கட்டத்தில் எண் இருக்காது. கீழ்நோக்கி ஓர் அம்பு இருக்கும். அம்பு கீழ் வரியின் ஏற்பு எண்ணை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. சாம்பிள் அளவையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறது. ஆகவே 32 புஷ் பார்த்து ஒரு பழுது வரை ஏற்பது தவறு. 50 எடுத்து, ஒன்று வரை ஏற்பதே சரி. இரண்டு லாட்டுக்கும் சேர்த்து 100 புஷ் அளக்க வேண்டியிருக்கிறது. 600ஐயும் ஒரே லாட்டாகப் பார்த்திருந்தால் 80 போதும். கூடுதலாக அளக்கும் இருபதுதான் இரண்டு உருக்கையும் கலக்காமல் பார்ப்பதற்கான விலை.

‘ஒரு பழுது வரை ஏற்பு என்றால் பழுதை ஏற்கச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். இல்லை. ஏற்பு எண் லாட்டைப் பற்றியது. கையில் அகப்பட்ட அந்தப் பழுதான புஷ் எப்படியும் சிவப்பு டேக்குடன் வெளியே போகும். அதோடு இந்தத் திட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 50க்கு ஒன்று என்ற திட்டம், 5 சதவீதம் பழுதுள்ள லாட்டுகள் தொடர்ந்து வந்தால் நூற்றில் சுமார் 28ஐ ஏற்றுவிடும். பழுது 10 சதவீதமாக இருந்தால் மூன்று அல்லது நான்கை மட்டுமே ஏற்கும். சாம்பிள் ஆய்வு மோசமான லாட்டை நன்றாகப் பிடிக்கும், நடுத்தரமான லாட்டைப் பாதிப் பாதிதான் பிடிக்கும். ஒரு பழுதுகூட உள்ளே போகக் கூடாத அம்சம் ஒன்று இருந்தால், அதற்கு அட்டவணையைத் தேடாதீர்கள், எல்லாவற்றையும் பாருங்கள்.

சாம்பிள் குறிப்பு

‘50 எடுத்துப் பார்த்தேன்’ என்று எழுதுவது சாம்பிள் குறிப்பு ஆகாது. எந்தப் பெட்டியிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து, எத்தனை என்று எழுத வேண்டும். மேலடுக்கில் கைக்கு எட்டியதை அள்ளினால், சப்ளையர் கடைசியாக அடுக்கியதை மட்டும்தான் பார்க்கிறீர்கள். கடைசல் டூல் தேயத் தேய அளவு நகர்கிறது. முதலில் கடைந்ததும் கடைசியில் கடைந்ததும் வேறு வேறு அடுக்கில் கிடக்கலாம். ஹீட் 417க்கு நான்கு பெட்டியிலிருந்து முறையே 12, 13, 12, 13 எடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் கை போகட்டும். ஹீட் 421க்குப் பெட்டிக்கு 25. எடுத்ததும் ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் 1 முதல் 50 வரை எண் போட்டுவிடுங்கள். 23ஆம் புஷ் பெரிது என்று படிவம் சொன்னால், அந்த 23 எது என்று சப்ளையரின் ஆளுக்கு எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

குறிப்பு: பார்த்தவுடன் கண்ணுக்குப் பழுதாகத் தெரியும் புஷ்ஷைத் தேடி எடுத்து ஐம்பதுக்குள் சேர்க்காதீர்கள், அப்படிப்பட்டதை ஒதுக்கவும் வேண்டாம். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். சாம்பிளுக்கு வெளியே கண்ணில் பட்ட பழுதைத் தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது

வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறக்கிய புஷ்ஷை உடனே அளக்காதீர்கள். கன்மெட்டல் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 18 மைக்ரான் விரியும். புஷ் அறையின் வெப்பத்தைவிட 15 டிகிரி கூடுதலாக இருந்தால், 25 மி.மீ. உள்விட்டம் ஏறக்குறைய 7 மைக்ரான் பெரிதாகத் தெரியும். நம் டிராயிங் அனுமதிக்கும் மொத்த இடைவெளியே 21 மைக்ரான்தான். மூன்றில் ஒரு பங்கை வெயில் தின்றுவிடுகிறது. சரியான புஷ்ஷில்கூட நோ-கோ பக்கம் நுழைந்துவிடும். நல்ல லாட் நிராகரிப்பில் போகும். சாம்பிளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஆய்வு மேசைமேல் பரப்பி, கேஜுடன் ஒரே அறையில் ஓரிரு மணி நேரம் விடுங்கள்.

பிளக் கேஜைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, நேராக வையுங்கள். கோ பக்கம் தன் எடையிலேயே இறங்க வேண்டும். நோ-கோ பக்கம் நுழையக் கூடாது. திருகியோ தட்டியோ இறக்கினால் கேஜும் கெடும், முடிவும் கெடும். வாயில் பிசிர் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். பிசிரைத் தனிக் குறையாக எழுதுங்கள், உள்விட்டப் பழுதாக எண்ணாதீர்கள். கேஜின் எண்ணையும் அதன் அடுத்த அளவுத்திருத்த நாளையும் படிவத்தில் குறிக்கவும்.

எச்சரிக்கை: இந்த உலோகத்தில் ஈயம் இருக்கிறது. தூளைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிசிர் கையைக் கிழிக்கும் என்பதால் பெட்டிக்குள் கை விடும்போது கையுறை வேண்டும். நூறு புஷ் உள்ள பெட்டியைத் தனியாளாகத் தூக்க வேண்டாம்.

மூன்று முடிவு

ஏற்பும் நிராகரிப்பும் எளிது, ஏனென்றால் விதி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பழுதின் எண்ணிக்கை ஏற்பு எண்ணைத் தாண்டவில்லை, தாள்களும் சரி என்றால் பச்சை டேக். தாண்டியது என்றால் சிவப்பு டேக், பூட்டிய இடம். தவறு நடப்பதெல்லாம் மஞ்சள் டேக்கில்தான். ஹோல்டு என்பது ‘இன்னும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை’ என்று பொருள்படும் முடிவு. அந்தக் கேள்வி தாளில் இருக்க வேண்டும். கேள்வி இல்லாத ஹோல்டு, சரக்கு தீரும் நாளில் சத்தமில்லாமல் ஏற்பாகிவிடும். யார் ஏற்றார் என்று பின்னால் தேடினால் ஒரு கையெழுத்தும் கிடைக்காது. ஆகவே ஹோல்டு போடும்போது நான்கு வரி கட்டாயம்: என்ன கேள்வி, யார் பதில் தர வேண்டும், எந்தத் தேதிக்குள், அந்தத் தேதியில் பதில் வராவிட்டால் என்ன செய்வது. நான்காவது வரிதான் பெரும்பாலான படிவங்களில் இல்லை. அதில் ‘நிராகரிப்பு’ என்று முன்கூட்டியே அச்சடித்துவிடுங்கள்.

ஹோல்டு போட நியாயமான காரணம் மிகச் சில. டெஸ்ட் சர்ட்டிபிகேட் வரவில்லை. லேப் முடிவு வரவில்லை. கேஜின் அளவுத்திருத்தத் தேதி கடந்துவிட்டதால் அளவை நம்ப முடியவில்லை. டிராயிங்கே தெளிவாக இல்லை. இரண்டு பழுது வந்துவிட்டது, ஆனால் சப்ளையர் நெடுநாள் பழக்கம் என்பது ஹோல்டுக்குக் காரணம் அல்ல. அங்கே கேள்வி எதுவும் மிச்சமில்லை. பதில் வந்துவிட்டது, அது நிராகரிப்பு.

‘சலுகை ஏற்பு என்று நான்காவது கட்டம் வேண்டாமா? சற்றே பெரிய புஷ்ஷையும் டிசைன் ஆள் சரி என்று சொல்லலாமே?’ என்பது நியாயமான கேள்வி. சொல்லலாம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு ஆய்வாளருடையது அல்ல. அந்தக் கட்டத்தை அவர் படிவத்தில் வைத்தால், சிவப்பு டேக் போட வேண்டிய ஒவ்வொரு முறையும் அதையே டிக் செய்யும்படி அவரை நெருக்குவார்கள். நிராகரித்த பிறகு, வடிவமைப்புப் பொறுப்பாளர் தனித் தாளில், எத்தனை புஷ், எந்த அளவு வரை, எந்த ஆர்டருக்கு என்று எழுதிக் கையெழுத்திடட்டும். ஆய்வறிக்கையில் நிராகரிப்பு நிராகரிப்பாகவே நிற்கும். அந்தத் தாளின் எண் மட்டும் பக்கத்தில் வரும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் வலுவானது: ‘ஹோல்டு போட்டால் லைன் நிற்கும். சர்ட்டிபிகேட் நாளைக்கு வந்துவிடும், இன்றைக்கு எடுத்து ஓட்டுவோம்.’ அவசரத்துக்கு விடுவதை 1994ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 9001 தரமுறையே அனுமதித்தது. ஆனால் அடையாளமிட்டுப் பதிவு செய்து, தவறென்று தெரிந்தால் உடனே திரும்ப எடுத்து மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை உங்கள் பொருளின்மேல் வைத்துப் பாருங்கள். போல்ட் போட்டு மாட்டும் மூடி என்றால் கழற்றலாம், அவசரத்துக்கு விடலாம். புஷ் பவுலுக்குள் பிரஸ் செய்து இறங்குவது. வெளியே இழுத்தால் அதன் வெளிவிட்டம் உரசிப் போகும், சிலசமயம் பவுலின் துளையும் கெடும். ஆகவே புஷ்ஷுக்கு அவசர விடுப்பு இல்லை என்பதைப் படிவத்திலேயே அச்சடித்துவிடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் இதை ஒருமுறை யோசித்து வைத்தால், லைன் நிற்கும் நேரத்தில் வாக்குவாதம் குறையும்.

நிரப்பிய படிவம்

ஹீட் 417:
லாட் 400. சாம்பிள் 50 (பெட்டி 1–4: 12, 13, 12, 13, மூன்று அடுக்கிலும்). உள்விட்டம்: ஏற்பு 1, நிராகரிப்பு 2.
கண்டது: 23ஆம் புஷ்ஷில் நோ-கோ நுழைந்தது, மற்ற 49 சரி. வெளிவிட்டம் 50உம் சரி. சர்ட்டிபிகேட்டில் உலோகம் எல்லைக்குள்.
முடிவு: ஏற்பு. ஸ்டோர்ஸுக்கு 399, சிவப்பு டேக்கில் 1.

ஹீட் 421:
லாட் 200. சாம்பிள் 50 (பெட்டி 5, 6: தலா 25, மூன்று அடுக்கிலும்). உள்விட்டம்: ஏற்பு 1, நிராகரிப்பு 2.
கண்டது: 50உம் சரி.
முடிவு: ஹோல்டு. கேள்வி: ஹீட் 421இன் டெஸ்ட் சர்ட்டிபிகேட் எங்கே? பதில் தர வேண்டியவர்: பர்சேஸ் வழியாகச் சப்ளையர். கடைசி நாள்: ஜூன் 13. வராவிட்டால்: நிராகரிப்பு.

இரண்டாவது படிவத்தில் அளவெல்லாம் சரியாக இருந்தும் மஞ்சள் டேக் போட்டது வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் பிளக் கேஜுக்கு உலோகம் தெரியாது. ஜூன் 12 அன்று சர்ட்டிபிகேட் வருகிறது, அதில் ஈயம் 8.2 சதவீதம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லை 6. ஹோல்டின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதே படிவத்தில், அதே வரியின் கீழ், தேதியோடு ‘நிராகரிப்பு’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பழைய முடிவை அடிக்கவோ வெள்ளை மை தடவவோ கூடாது. ஹோல்டை விடுவிக்கும் கையெழுத்து ஸ்டோர்ஸ் ஆளுடையதாகவோ பர்சேஸ் ஆளுடையதாகவோ இருக்க வேண்டாம். தரத்துக்குப் பொறுப்பான ஒருவர் போட வேண்டும்.

படிவம் சப்ளையருக்குப் போக வேண்டிய நாள்

மஞ்சள் டேக்கைப் போட்டுவிட்டுச் சப்ளையருக்குத் தொலைபேசியில் மட்டும் சொல்வது கடைசித் தவறு. சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவராக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இங்கே வருகிறது. பொருள் வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளையே ஏற்ற நாளாகச் சட்டம் கொள்ளும். பணம் கொடுக்க வேண்டிய கெடு அங்கிருந்தே ஓடத் தொடங்கும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்ட முடியாது. ஆட்சேபம் எழுத்தில் போயிருந்தால், சப்ளையர் குறையை நீக்கிய நாளே ஏற்ற நாள். சப்ளையருக்கும் இது நியாயமானது: எதற்காகப் பணம் நிற்கிறது என்று அவருக்குத் தேதியோடு தெரிகிறது.

நம் 600 புஷ் வந்தது ஜூன் 9 என்றால், ஹீட் 421இன் கடிதம் ஜூன் 24க்குள் சப்ளையர் கையில் இருக்க வேண்டும். ஹோல்டு போட்ட அன்றே படிவத்தின் நகலைக் கடிதத்துடன் மின்னஞ்சலில் அனுப்புங்கள். நிராகரிப்பு எழுதிய அன்று இரண்டாம் கடிதம் அனுப்புங்கள். இரண்டும் போன தேதியைப் படிவத்தின் கடைசி வரியில் குறித்து, அதன் பிறகே கோப்பில் வையுங்கள்.